ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை: சுங்கை சிப்புட் திருமணம் ஒன்றுக்கு நாள் குறித்த கதை

பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் தங்கை மகளுக்கு 2025ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் திருமணம் நடந்தது. தாய்மாமன் என்ற முறையிலும், முன்பு சில ஆண்டுகள் கோயில் செயலாளராக இருந்து மண்டபப் பதிவேட்டைப் பார்த்தவன் என்ற முறையிலும், நாள் குறிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. ஐந்து வாரப் பேச்சுக்குப் பிறகு முடிவான அந்த நாள் எப்படிக் கிடைத்தது, வழியில் எங்கே தவறினோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் குடும்ப நிலையைச் சொல்லிவிடுகிறேன். பெண் ஈப்போவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சேர்ந்து இரண்டு ஆண்டு நிறையவில்லை. அவள் தந்தை செம்பனைத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். மாப்பிள்ளை கெடாவில், சுங்கைப் பட்டாணிக்கு அருகே பள்ளி ஆசிரியர். பெண்ணின் அக்காள் சிங்கப்பூரில் இருக்கிறாள். நவம்பர் தொடக்கத்தில் அவளுக்குப் பேறுகாலம். ஆடி முடியும்வரை பேச்சுக்கே இடமில்லை. புரட்டாசியில் இரு வீட்டாரும் செய்வதில்லை. தீபாவளி கழிந்து ஐப்பசியில் வைத்தால் அக்காளால் பயணம் செய்ய முடியாது. ஆகவே எங்களுக்குக் கிடைத்தது ஆவணி ஒன்றுதான். அதாவது ஆகஸ்ட் 17 முதல் செப்டம்பர் 16 வரை, அதிலும் மகாளய பட்சம் தொடங்கும் செப்டம்பர் 8க்கு முன்பாக, மூன்றே வாரங்கள்.

முதல் தவறு பரிசம் போட்ட அன்றே நடந்துவிட்டது. அந்த ஆண்டு சுதந்திர தினமான ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பேராவில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்பதால் மறுநாள் திங்களும் விடுமுறை. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. அங்கே வேலை நாளான ஞாயிறு சுதந்திர தினத்தால் விடுமுறையாகிவிட, அவர்களுக்கும் தொடர்ந்து மூன்று நாள் ஓய்வு. இரு மாநிலத்தாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஓய்வாக இருப்பது அரிது என்று கண்ட என் மைத்துனர், பஞ்சாங்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே நகரத்தில் ஒரு தனியார் மண்டபத்துக்கு 1,000 ரிங்கிட் முன்பணம் கட்டிவிட்டார். "நாள் போயிடும்ங்க, அதான்" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. நீண்ட விடுமுறை வரும் ஞாயிறுகள் மண்டபப் பதிவேட்டில் ஆறு மாதம் முன்பே நிரம்பிவிடும்.

ஆனால் அன்று அஷ்டமி. அதிகாலையில் தொடங்கிய வளர்பிறை அஷ்டமி அன்று முழுவதும் இருந்து, நள்ளிரவுக்குப் பிறகே முடிந்தது. காலையில் ஒரு மணி நேரமாவது சப்தமி நின்றிருந்தால் குருக்களிடம் கெஞ்சிப் பார்த்திருக்கலாம், அதற்கும் வழியில்லை.

"சரி, வேறு ஞாயிறு பார்ப்போம்" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நாள்காட்டியைக் கொண்டுவந்து தரையில் விரித்து, பென்சிலால் ஒவ்வொரு ஞாயிறாகக் குறித்தேன். ஆகஸ்ட் 17 தேய்பிறை நவமி. ஆகஸ்ட் 24 காலையில் பிரதமை, முந்திய நாள்தான் அமாவாசை. ஆகஸ்ட் 31 அஷ்டமி. செப்டம்பர் 7 பௌர்ணமி, அன்றிரவே முழுச் சந்திர கிரகணம். செப்டம்பர் 14 மறுபடியும் அஷ்டமி. ஐந்து ஞாயிறும் அடிபட்டுப் போனதைப் பார்த்து என் தங்கை, இது ஏதோ கண்ணேறு என்று அஞ்சினாள். கண்ணேறு இல்லை, கணக்குதான். ஒரு பட்சத்துக்குப் பதினைந்து திதி. அது நடக்க ஏறத்தாழப் பதினான்கே முக்கால் நாள் ஆகிறது. இரண்டு வாரம் என்பது பதினான்கு நாள். ஆகவே ஒரு ஞாயிறு அஷ்டமியில் மாட்டினால், அதற்கு இரண்டு வாரம் முன்னும் பின்னும் வரும் ஞாயிறுகள் அஷ்டமியையோ அதை ஒட்டிய திதியையோ தொட்டுக்கொண்டே இருக்கும். இடைப்பட்ட ஞாயிறுகள் அமாவாசை, பௌர்ணமிப் பக்கம் போய் நிற்கும். இரண்டு வாரத்துக்கு முக்கால் திதி வீதம் நகர்ந்து இந்தப் பிடி தளர ஓரிரு மாதம் ஆகும். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நம்பி மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது. ஒரு ஞாயிறின் திதியைப் பார்த்தாலே அந்த மாதத்து மற்ற ஞாயிறுகளின் கதி ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 17ஐ மட்டும் மாப்பிள்ளையின் தாயார் எளிதில் விடவில்லை. அன்று ரோகிணி; திருமணத்துக்கு முதல் தரமான நட்சத்திரம். நவமியையும் தேய்பிறையையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவர் வாதாடினார். ஆனால் ரோகிணியில் சந்திரன் ரிஷபத்தில் இருப்பான். மாப்பிள்ளை சுவாதி நட்சத்திரம், துலா ராசி. துலாத்துக்கு ரிஷபம் எட்டாமிடம். பிள்ளைக்குச் சந்திராஷ்டமம் என்று சொன்னதும் அவரே அந்தத் தேதியை விட்டுவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் எனக்குத் தெளிவாயிற்று. பேராவுக்கும் கெடாவுக்கும் பொதுவான ஓய்வு நாள் சனி ஒன்றுதான். அந்தச் சனியில்தான் தாலி கட்டுவதை நம்மவர்கள் தவிர்க்கிறார்கள். எனவே நாங்கள் தேட வேண்டியது வெறும் ஞாயிறோ சனியோ அல்ல. ஞாயிற்றுக்கிழமையிலோ வெள்ளிக்கிழமையிலோ விழும் நாடளாவிய பொது விடுமுறை. ஞாயிறு விடுமுறையானால் கெடாக்காரர்கள் வருவார்கள். வெள்ளி விடுமுறையானால் பேராக்காரர்கள் வருவார்கள். ஞாயிறு கைவிட்டுப் போயிருந்தது. வெள்ளியில் ஒன்று இருந்தது: செப்டம்பர் 5, நபிகள் நாயகம் பிறந்த நாள் விடுமுறை.

அதை எடுத்துக்கொண்டு குருக்களிடம் போகுமுன், மற்ற நல்ல நாள்களையும் எழுதிக்கொண்டேன். ஆகஸ்ட் 29 வெள்ளி, சஷ்டி, சுவாதி. நட்சத்திரம் முதல் தரம், ஆனால் அது மாப்பிள்ளையின் சொந்த ஜன்ம நட்சத்திரம், பேராவிலோ வேலை நாள். செப்டம்பர் 4 வியாழன், துவாதசி, உத்திராடம். பஞ்சாங்கத்தில் பார்த்தால் மறுநாளைவிட இதுவே மேலான நட்சத்திரம். மறுநாள் 5ஆம் தேதி திரயோதசி, திருவோணம். திருவோணம் திருமணத்துக்கு நடுத்தரம் என்றுதான் பெரும்பாலான நூல்கள் வைக்கின்றன. பெண்ணின் தந்தை வியாழனுக்கே சாய்ந்தார். வேலை நாளாக இருந்தால் என்ன, நெருங்கியவர்கள் மட்டும் வரட்டும், மற்றவர்களுக்கு விருந்து தனியாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

வியாழனைத் தள்ளியது விடுமுறைக் கணக்கு அன்று, தாராபலம். பிறந்த நட்சத்திரத்திலிருந்து அன்றைய நட்சத்திரம் வரை இரண்டையும் சேர்த்து எண்ணி, ஒன்பதால் வகுத்து வரும் மீதியைப் பார்ப்பது இதன் முறை. 2, 4, 6, 8, மீதியில்லாமல் வரும் 9 ஆகியவை நல்லவை, 1, 3, 5, 7 ஒதுக்கத்தக்கவை. மாப்பிள்ளையின் சுவாதியிலிருந்து உத்திராடம் ஏழாவது, வதைத் தாரை. திருவோணம் எட்டாவது, மைத்திரம். பெண் மிருகசீரிடம், அதிலிருந்து உத்திராடம் பதினேழாவது, மீதி 8, திருவோணம் பதினெட்டாவது, 9. அதாவது பெண்ணுக்கு இரண்டு நாளும் நல்லவை, பிள்ளைக்கு வெள்ளி மட்டுமே நல்லது. பொதுவாக உயர்ந்த நட்சத்திரம், குறிப்பிட்ட இருவருக்கு வரும்போது கீழே போய்விடுகிறது. அச்சடித்த முகூர்த்தப் பட்டியலை மட்டும் பார்த்து நாள் வைப்பவர்களுக்கு இது தெரிய வராது, ஏனென்றால் பட்டியல் யாருடைய ஜாதகத்தையும் பார்ப்பதில்லை.

இதற்குள் பெண்ணின் அத்தை ஒருவர் தொலைபேசியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்: திருவோணத்தன்று சந்திரன் மகரத்தில், மிருகசீரிடம் மிதுன ராசி, மிதுனத்துக்கு மகரம் எட்டு, பெண்ணுக்குச் சந்திராஷ்டமம். இது பாதி சரி. மிருகசீரிடத்தின் மூன்றாம், நான்காம் பாதங்கள்தாம் மிதுனம். முதல் இரண்டும் ரிஷபம். ஜாதகத்தை எடுத்துப் பார்த்தோம். இரண்டாம் பாதம், ரிஷப ராசி. மகரம் அதற்கு ஒன்பதாமிடம். இரண்டு ராசியில் விரவி நிற்கும் நட்சத்திரங்களுக்குப் பாதத்தைக் கேட்காமல் சந்திராஷ்டமம் சொல்லக் கூடாது என்பதை அத்தையும் ஒப்புக்கொண்டார், அரை மனத்தோடுதான்.

அடுத்தது நேரம். எங்கள் வீட்டில் தொங்கிய நாள்காட்டி தமிழ்நாட்டிலிருந்து வந்தது. அதிலுள்ள திதி, நட்சத்திரம் முடியும் நேரங்களோடு இரண்டரை மணி நேரம் கூட்டினால் மலேசிய நேரம் வந்துவிடும், ஏனெனில் சந்திரன் ஒரு திதியைக் கடக்கும் கணம் உலகுக்கெல்லாம் ஒன்றுதான். ராகு காலம் அப்படியன்று. அது அந்தந்த ஊரின் சூரிய உதயத்திலிருந்து அத்தமனம்வரையுள்ள பகலை எட்டாகப் பகுத்து வருவது. வெள்ளிக்கு நான்காம் பகுதி, நாள்காட்டியில் 10.30 முதல் 12 வரை என்றிருந்தது. என் தம்பி அதோடும் இரண்டரை மணி நேரம் கூட்டி, பிற்பகல் 1 மணிக்குத்தான் ராகு காலம் தொடங்குகிறது என்று முடிவு கட்டியிருந்தான். செப்டம்பர் தொடக்கத்தில் சுங்கை சிப்புட்டில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 7.09, மறைவது 7.20. ஒரு பகுதிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். மூன்று பகுதி கழிந்தால் 11.43, அங்கிருந்து 1.14 வரை எங்கள் ஊர் ராகு காலம். அவன் கணக்கை நம்பி நண்பகலில் தாலி கட்டியிருந்தால் ராகு காலத்தின் தொடக்கத்தில் போய் விழுந்திருப்போம். நாள்காட்டியை அப்படியே எடுத்திருந்தால், நல்ல நேரத்தின் பெரும்பகுதியைக் காரணமில்லாமல் தள்ளியிருப்போம்.

குருக்கள் லக்கினத்துக்குத்தான் அதிக நேரம் செலவிட்டார். காலை 8 மணிக்குச் சற்று முன்பிருந்து கன்னி லக்கினம். அதில் செவ்வாய் இருக்கிறது, ஏழாமிடமான மீனத்தில் சனி. வேண்டாம் என்றார். அதை அடுத்து 9.51 அளவில் துலா லக்கினம் தொடங்குகிறது. ஏழாமிடம் மேஷம், எட்டாமிடம் ரிஷபம், இரண்டிலும் கிரகமில்லை. லக்கினாதிபதி சுக்கிரன் கடகத்தில், பத்தாமிடத்தில். குரு மிதுனத்தில், ஒன்பதாமிடத்தில். யோகம், கரணம் முதலியவற்றைத் தம் பஞ்சாங்கத்திலேயே பார்த்துக்கொண்ட அவர், இது குறையற்ற நாள் என்று சொல்லவில்லை. "நாளில் குறை இருக்கு, லக்கினம் தாங்கும்" என்றார். காலை 10.15 முதல் 11.15 வரை முகூர்த்தம் என்று ஒரு தாளில் மஞ்சள் தடவி எழுதிக் கொடுத்தார்.

பிறகு இடம். தனியார் மண்டபத்தார் முன்பணத்தில் பாதியை, 500 ரிங்கிட்டை, எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, குறை சொல்ல வழியில்லை. கோயில் மண்டபம் அந்த வெள்ளியில் காலியாக இருந்தது, ஏனென்றால் எங்கள் ஊரில் வெள்ளியை யாரும் திருமணத்துக்கு யோசிப்பதில்லை. ஆனால் கோயில் செயலாளர் இரண்டு நிபந்தனை வைத்தார். திரயோதசி என்றால் மாலையில் பிரதோஷம். கோயிலில் சிவன் சன்னதி இருப்பதால் 4.30க்குள் பந்தியும் பாத்திரமும் போய்விட வேண்டும். இரண்டாவதை நானே முன்பு பலருக்குச் சொல்லியிருக்கிறேன்: வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை. பெண்ணின் தந்தையோடு தோட்டத்தில் வேலை செய்பவர்களிலும் அலுவலக நண்பர்களிலும் மலாய்க்காரர் பலர். அவர்கள் ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை வர முடியாது. ஆகவே 12 மணிப் பந்தியோடு நிறுத்தாமல், 2.45க்கு ஒரு பந்தி தனியாக வைத்து, அதற்கு உரிய சோறும் குழம்பும் பிந்திச் சமைக்கச் சொன்னோம். சமையல்காரர் முகம் சுளித்தார். முதல் பந்திச் சோறு அந்த நேரத்துக்கு ஆறிவிடும் என்பதால் ஒத்துக்கொண்டார். சாப்பாடு மரக்கறி என்பதால் வேறு சிக்கல் இல்லை.

பணி விடுப்பைப் பொறுத்தவரை கணக்கு எளிது, ஆனால் இறுக்கமானது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு எட்டு நாள் சம்பள விடுப்பு உண்டு. திருமணத்துக்கென்று தனி விடுப்பு எதையும் சட்டம் சொல்லவில்லை, அது நிறுவனத்தின் விருப்பம். பெண்ணின் நிறுவனத்தில் அப்படி ஒன்று இல்லை. வெள்ளி விடுமுறையாக இருந்ததால் முந்திய நாள் நலங்குக்கு ஒன்று, மறுவீட்டுக்குத் திங்கள், செவ்வாய் இரண்டு என மூன்றோடு முடிந்தது. வியாழன் முகூர்த்தமாக இருந்திருந்தால் நலங்குக்குப் புதன், முகூர்த்தத்துக்கு வியாழன், பிறகு அதே இரண்டு நாள் என நான்கு போயிருக்கும். மாப்பிள்ளைக்கு வெள்ளி, சனி வழக்கமான ஓய்வு. முந்திய வியாழனுக்கும் பிந்திய நாள்களுக்கும் அவர் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டார்.

பதிவுத் திருமணத்தை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. தேசியப் பதிவுத் துறையில் விண்ணப்பித்தால் அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. ஜூலை இறுதியில் விண்ணப்பித்தோம். கையெழுத்தை ஆடியிலேயே முடித்துவிடலாம் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள், பாட்டி விடவில்லை. தாலிதானே முக்கியம், கையெழுத்துக்கு என்ன என்று கேட்டவர்களுக்கு, "கையெழுத்துப் போட்டா சட்டப்படி பொண்டாட்டிதானேப்பா" என்று அவர் கேட்ட கேள்விக்கு ஒருவரிடமும் பதில் இல்லை. 21 நாள் எப்படியும் ஆவணி பிறந்த பிறகே நிறைந்தது. ஆகஸ்ட் 20 புதன்கிழமைக்கு வைத்தோம். பெண்ணுக்கு அதில் இன்னொரு நாள் விடுப்பு போனது. எட்டில் நான்கு.

மாப்பிள்ளை வீட்டு வரவேற்பைச் சுங்கைப் பட்டாணியில் திருமணத்துக்கு மறுநாள் சனிக்கிழமை இரவுக்கு வைத்தார்கள். வரவேற்புக்கு முகூர்த்தக் கட்டுப்பாடு கிடையாது. இரு மாநிலத்துக்கும் பொதுவான ஓய்வு நாளை அங்கே பயன்படுத்திக்கொண்டோம். பத்து மணிக்கு மண்டப விளக்கை அணைத்துவிட வேண்டும் என்று சம்பந்தி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

திருமணத்தன்று எதிர்பாராதது ஒன்று நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் காலை 6.30க்குப் புறப்பட்டிருந்தும், நீண்ட விடுமுறைக்காக நெடுஞ்சாலையில் இறங்கிய வாகன நெரிசலில் சிக்கி, மாப்பிள்ளை அழைப்பு 9.50க்குத்தான் தொடங்கியது. நாங்கள் நாள் பார்த்தபோது விடுமுறையை ஆள் வருவதற்கு மட்டுமே கணக்கிட்டோம், சாலைக்குக் கணக்கிடவில்லை. முகூர்த்தம் 10.15க்குத் தொடங்கினாலும், துலா லக்கினம் ராகு காலம்வரை நீண்டிருந்ததால் குருக்கள் பதறவில்லை. காப்புக் கட்டி, தாரை வார்த்து, 10.50க்குத் தாலி ஏறியது. விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 20ஆம் நாள் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்த நேரத்துக்குள்தான்.

மூன்று மணிப் பந்தியில் நாற்பது பேர் அமர்ந்தார்கள். 4.20க்குக் கடைசி அண்டாவை வேனில் ஏற்றினோம். உள்ளே பிரதோஷ அபிஷேகத்துக்குப் பால் குடங்கள் வந்துகொண்டிருந்தன. சிங்கப்பூர் அக்காளைப் பாட்டி சனிக்கிழமை வரவேற்பு முடியும்வரைகூட இருக்க விடவில்லை. ஞாயிறு இரவு கிரகணம், வயிற்றுப் பிள்ளைக்காரி அதற்குள் தன் வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று சனிக்கிழமை காலையிலேயே பேருந்து ஏற்றிவிட்டார்.